மேலாளருக்கு அனுப்பும் செய்தியில் எமோஜி: பிழை திருத்திய பின் எது இருக்கலாம், எது போக வேண்டும்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர், மேலாளருக்கு அனுப்ப வேண்டிய வாட்ஸ்அப் செய்தியை முதலில் பேச்சுவழக்கில் வேகமாகத் தட்டிவிட்டு, அனுப்புவதற்கு முன் எழுத்துப் பிழையையும் வாக்கிய ஒழுங்கையும் சரிசெய்கிறார்கள், அல்லது பக்கத்து இருக்கையில் இருக்கும் மூத்தவரிடம் காட்டித் திருத்தி வாங்குகிறார்கள். இந்தத் திருத்தத்தில் சொற்கள் எல்லாம் மாறிவிடுகின்றன. எமோஜிகள் மட்டும் முதல் வரைவில் வைத்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அவை அந்தப் பேச்சுவழக்கு வரைவின் தொனிக்காக வைக்கப்பட்டவை. திருத்திய பின் கையில் இருப்பது வேறு தொனி உள்ள வேறொரு செய்தி. அதனால் எமோஜிகளை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நீக்குவதும் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும், இருப்பது இருக்கட்டும் என்று விடுவதும் அப்படியே. இதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைத் தொடர்ந்து கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து சில வாரங்களே ஆன ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். ஆடைகளை ஆர்டர் கொடுத்து வாங்கும் பையர் கேட்ட நிறத்தில் சிறு துணித்துண்டுக்குச் சாயம் ஏற்றிக் காட்டும் மாதிரிக்கு லேப் டிப் என்று பெயர். பையர் அதற்கு ஒப்புதல் கொடுத்தால்தான் மொத்தத் துணியும் சாயத்துக்குப் போகும். சாயப்பட்டறையிலிருந்து வந்த நேவி நிற லேப் டிப் சரியாக அமையவில்லை. அவர் மேலாளருக்குத் தட்டிய முதல் வரைவு இது:

“சார் லேப் டிப் வந்துருச்சு 😅 நேவி ஷேட் கொஞ்சம் டார்க்கா போயிருக்கு, டையிங்ல மறுபடி போட சொல்லிட்டேன் 👍 2 நாள் லேட் ஆகும் சார் 🙏🙏 பையர்கிட்ட நீங்க கொஞ்சம் சொல்லிடுங்க 🙂”

பக்கத்தில் இருந்த மூத்தவர் திருத்திக் கொடுத்தது இப்படி இருந்தது:

“சார், நேவி லேப் டிப் வந்தது 😅 ஷேட் சற்று அடர்த்தியாக உள்ளது. மறுபடி போடும்படி டையிங்கில் சொல்லிவிட்டேன் 👍 2 நாள் தாமதமாகும் 🙏🙏 பையரிடம் தெரிவித்துவிடுங்கள் 🙂”

பிழை இல்லை. ஆனாலும் அனுப்பும் நிலையில் இல்லை.

முதல் படி: எமோஜிகளை எடுத்துவிட்டு வாசியுங்கள்

திருத்திய செய்தியை நகலெடுத்து, குறிப்புகள் எழுதும் செயலியில் ஒட்டி, எமோஜிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். இந்த நிலையில் நீக்குவது முடிவு அல்ல, சோதனை மட்டுமே. படிக்கும்போது ஒவ்வோர் இடத்திலும் என்ன குறைகிறது என்று கவனியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அந்த எமோஜி அலங்காரம். ஒரு தகவல் குறைந்தால், அது சொல்லின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தகவல் எல்லாம் இருந்தும் தொனி மட்டும் கடுமையாகிவிட்டால், அது மரியாதையின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பின்வரும் முடிவுகள் இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்தவை.

எடுத்துக்காட்டில் 😅 போனதும் எதுவும் குறையவில்லை. வரைவில் அது எழுதியவரின் சங்கடத்தைக் காட்டியது. திருத்திய வடிவில் அது “வந்தது” என்ற வெறும் தகவலுக்குப் பின் நிற்கிறது. அடுத்த வாக்கியத்தில் வரும் கெட்ட செய்தியை எழுதியவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்று தோன்ற வைக்கிறது. தாமதம், செலவு, தவறு, புகார் ஆகியவற்றைச் சொல்லும் வாக்கியத்தின் அருகில் சிரிக்கும் முகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வியர்வைத் துளியோடு சிரிக்கும் முகத்தை எழுதியவர் சங்கடம் என்று நினைக்கலாம். கப்பல் தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பவர் அலட்சியம் என்று நினைக்கலாம். இதை நீக்கிவிடலாம்.

இரண்டாம் படி: எமோஜி மறைத்து வைத்திருக்கும் தகவலை வெளியே எடுங்கள்

👍 என்பதை எடுத்துவிட்டுப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. டையிங்கில் சொல்லியாயிற்று, அவர்கள் என்ன சொன்னார்கள்? சரி என்று ஒப்புக்கொண்டார்களா, அல்லது இவர் தகவல் மட்டும் கொடுத்துவிட்டு வந்தாரா? கட்டைவிரல் இருந்தபோது அந்தக் கேள்வி எழவில்லை, ஏனென்றால் எல்லாம் முடிந்துவிட்டது போன்ற தோற்றத்தை அது கொடுத்தது. மேலாளர் அதை நம்பிப் பையரிடம் ஒரு நாளைச் சொல்லிவிட்டால், பிறகு அந்த நாளுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் அவர்.

புதியவர்களின் செய்திகளில் நான் அதிகம் கவனிக்கும் சிக்கல் இதுதான். தனக்கே உறுதியாகத் தெரியாத இடத்தில் கை தானாக ஓர் எமோஜியைத் தேடுகிறது. ஆகவே எமோஜியை நீக்கியதும் கேள்வி எழுந்தால், அதற்குரிய விடையை வாக்கியமாக எழுதுங்கள். விடை தெரியாவிட்டால், அனுப்புவதை நிறுத்திவிட்டுச் சாயப்பட்டறைக்கு ஒரு போன் செய்யுங்கள். நம் எடுத்துக்காட்டில் அந்த இளைஞர் போன் செய்து, வியாழக்கிழமை மாலைக்குள் தருவதாக டையிங் மாஸ்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். 👍 இருந்த இடத்தில் இப்போது ஒரு நாளும், அதைச் சொன்னவர் யார் என்பதும் வருகின்றன.

கட்டைவிரல் எந்த அளவுக்கு இரண்டுபடக் கூடியது என்பதற்குக் கனடாவில் நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனத்தின் பிரதிநிதி, ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்குக் கைபேசியில் அனுப்பி, உறுதிசெய்யும்படி கேட்டார். விவசாயி 👍 மட்டும் அனுப்பினார். ஒப்பந்தம் கிடைத்தது என்பதற்காகவே அதை அனுப்பியதாக அவர் வாதிட்டார். 2023 ஜூனில் நீதிமன்றம் அதைக் கையொப்பத்துக்குச் சமமான சம்மதம் என்று கொண்டு, 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அங்கே அவ்விருவருக்கும் இடையில் முன்பும் இதுபோல் கைபேசி வழியாகவே ஒப்பந்தங்கள் முடிந்திருந்தன என்பதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அலுவலகச் செய்தி நீதிமன்றம் வரை போகாது என்றாலும், “பார்த்தேன்”, “சம்மதம்”, “செய்துவிட்டேன்” என்ற மூன்று வேறு பொருள்களும் ஒரே விரலுக்குள் இருக்கின்றன. மேலாளர் எதையாவது செய்யச் சொல்லி, அதற்குப் பதில் அனுப்பும்போது இந்த மூன்றில் எது என்பதைச் சொல்லாகவே எழுதிவிடுவது நல்லது.

மூன்றாம் படி: மரியாதை எங்கே போயிற்று என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. தமிழில் பேச்சுவழக்கிலிருந்து எழுத்துநடைக்கு ஒரு செய்தியை மாற்றும்போது, மரியாதையையும் இணக்கத்தையும் தாங்கும் சிறு சொற்கள் முதலில் உதிர்கின்றன. வரைவில் “சார்” இரண்டு முறை வந்தது. திருத்தத்தில் ஒரு முறைதான் இருக்கிறது. “நீங்க கொஞ்சம் சொல்லிடுங்க” என்பதில் “கொஞ்சம்” என்ற சொல் வேண்டுகோளை மென்மையாக்கியது. “தெரிவித்துவிடுங்கள்” என்பதில் அது இல்லை. இலக்கணப்படி இரண்டும் மரியாதை வடிவங்களே. ஆனால் பின்னது, சேர்ந்து சில வாரங்களே ஆன ஒருவர் மேலாளருக்கு வேலை ஒதுக்குவது போல ஒலிக்கிறது. உதிர்ந்த சொற்களின் சுமை முழுவதும் இப்போது 🙏🙏, 🙂 என்ற எமோஜிகளின் மேல் விழுந்திருக்கிறது. அவற்றை நீக்கினால் செய்தி கட்டளையாகிவிடுகிறது. வைத்தால் கட்டளைக்குப் பின் ஒரு புன்னகை நிற்கிறது. அந்தப் புன்னகை பணிவாக வாசிக்கப்படுவதில்லை, வற்புறுத்தலாகத்தான் வாசிக்கப்படுகிறது.

எனவே எமோஜியைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் வினைமுற்றைச் சரிசெய்யுங்கள். “தெரிவித்துவிடுங்கள்” என்பதை “நீங்கள் ஒருமுறை சொல்ல முடியுமா சார்?” என்று கேள்வியாக்கலாம். “நீங்கள் சொன்னால் நன்றாக இருக்கும் சார்” என்றும் எழுதலாம். மரியாதை வினையிலேயே அமைந்துவிட்டால் எமோஜி தேவையா என்பது எளிதில் தெரிந்துவிடும், பெரும்பாலும் தேவைப்படாது.

🙏 என்பதற்குத் தனியாக ஒரு சொல் சொல்ல வேண்டும். நம்மிடையே இது வணக்கம், நன்றி, மன்னிப்பு, வேண்டுகோள் ஆகிய நான்குக்கும் பயன்படுகிறது. துக்கச் செய்திக்குப் பதிலாகவும் வருகிறது. காலையில் “வணக்கம் சார் 🙏” என்று எழுதினால் பொருள் தெளிவு. அங்கே அது இருக்கலாம். “2 நாள் தாமதமாகும் 🙏🙏” என்பதில் அது மன்னிப்பா, பையரிடம் பேசும்படி கெஞ்சலா என்று தெரியவில்லை. ஷேட் அடர்த்தியானது சாயப்பட்டறையில் நடந்தது. அதற்கு இந்த இளைஞர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கேட்டதுபோல் தோன்றினால் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். மன்னிப்புத்தான் தேவை என்றால் “மன்னிக்கவும் சார்” என்று எழுதலாம். வேண்டுகோள் என்றால் வேண்டுகோளை எழுதலாம். எந்த நிலையிலும் 🙏 இரண்டாகவும் மூன்றாகவும் அடுக்கப்பட வேண்டியதில்லை.

இந்த மூன்று படிகளுக்குப் பின் செய்தி இப்படி ஆகிறது:

“சார், நேவி லேப் டிப் இன்று காலை வந்தது. பையர் கொடுத்த ஸ்வாட்சைவிட ஷேட் சற்று அடர்த்தியாக இருக்கிறது. மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன். வியாழன் மாலைக்குள் தருவதாக டையிங் மாஸ்டர் சொன்னார். இதனால் 2 நாள் தாமதமாகும். பையரிடம் நீங்கள் ஒருமுறை சொல்ல முடியுமா சார்?”

ஐந்து எமோஜிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வறட்டுத்தனமாகவும் இல்லை.

நான்காம் படி: செய்தி எங்கே போகும் என்று யோசியுங்கள்

மேலாளருக்கு அனுப்பும் செய்தி அவரோடு நிற்பதில்லை. இதுபோன்ற தகவலை அவர் அப்படியே தன் மேலதிகாரிக்கு ஃபார்வர்டு செய்யலாம், உற்பத்திக் குழுவின் குரூப்பில் போடலாம், நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டலாம். நாள், அளவு, தொகை, ஒப்புதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று செய்தியில் இருந்தால், அது நகரக்கூடிய செய்தி என்றே கொள்ளுங்கள். அதில் முகம் காட்டும் எமோஜி வேண்டாம். உங்களை நன்கு அறிந்த மேலாளர் அந்த முகத்தைச் சரியாகப் புரிந்துகொள்வார். உங்களைப் பார்த்தே இராத இயக்குநர் புரிந்துகொள்வார் என்று சொல்ல முடியாது. எலா கிளிக்சன் என்ற ஆய்வாளர் உள்ளிட்ட மூவர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, முன்பின் அறியாதவர்களின் முதல் தொடர்பில் ஸ்மைலி என்ன செய்கிறது என்று பார்த்தது. முறைசார்ந்த சூழலில் அது எழுதியவரை அன்பானவராகக் காட்டவில்லை என்பதோடு, திறமை குறைந்தவராகவும் காட்டியது என்பது அதன் முடிவு. முதல் தொடர்பைப் பற்றிய முடிவு அது. பழகிய மேலாளரிடம் அனுப்புவதற்கு அப்படியே பொருந்தாது. ஃபார்வர்டு ஆகும் செய்தியோ யாரோ ஒருவருக்கு உங்களுடனான முதல் தொடர்பாகத்தான் போய்ச் சேர்கிறது.

இடம் மாறும்போது வடிவமும் கெடலாம். சில பழைய நிறுவன மென்பொருள்களில் எமோஜியை ஒட்டினால் கேள்விக்குறிகளாகவோ வெற்றுக் கட்டங்களாகவோ மாறிவிடும். அவுட்லுக்கின் பழைய பதிப்புகளில் :) என்று தட்டினால், அது தானாகவே விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரிக்கும் முகமாக மாறும் வழக்கம் உண்டு, அந்த எழுத்துரு சரியாகக் காட்டப்படாத இடத்தில் பெறுபவருக்கு வாக்கியத்தின் இறுதியில் J என்ற எழுத்து மட்டும் தெரியும்.

தானாக மாறும் குறிகளையும் திருத்தத்தின்போது தேட வேண்டும். பட்டியல் போடும்போது எண்ணுக்குப் பின் அடைப்புக்குறி இட்டால், ஸ்லாக் போன்ற அலுவலகச் சாட் செயலிகளில் 8) என்பது கறுப்புக் கண்ணாடி அணிந்த முகமாகிவிடலாம். 7 வரை ஒழுங்காக வந்த பட்டியலில் எட்டாவது வரி மட்டும் 😎 என்று தொடங்கினால் காரணம் இதுதான். அடைப்புக்குறிக்குப் பதில் புள்ளி வைத்தால் போதும். தட்டச்சுக் குறியை எமோஜியாக மாற்றும் வசதியை அமைப்புகளில் நிறுத்திவைக்கவும் முடியும்.

ஐந்தாம் படி: மேலாளரின் வழக்கத்தைப் பாருங்கள்

இதுவரையிலான சோதனைகளைத் தாண்டி ஓர் எமோஜி நிற்கிறது என்றால், அதை மேலாளரின் வழக்கத்தோடு ஒப்பிட வேண்டும். அவருடனான உரையாடலை மேலே தள்ளிப் பாருங்கள். அவர் உங்களுக்கு எமோஜி அனுப்பியிருக்கிறாரா? எந்த வகைச் செய்தியில்? அவர் 👍, 🙏 ஆகியவற்றை மட்டும் பயன்படுத்துபவர் என்றால் நீங்களும் அந்த எல்லைக்குள் நில்லுங்கள். அவர் ஒருமுறையும் பயன்படுத்தியதில்லை என்றால், தொடங்குபவர் நீங்களாக இருக்க வேண்டாம். குரூப்பில் அவருக்கும் மேலானவர்கள் இருந்தால், தனி உரையாடலின் வழக்கம் அங்கே செல்லாது.

எடுத்துக்காட்டின் தொடர்ச்சி இங்கே உதவும். வியாழன் மாலை புதிய லேப் டிப் சரியாக வந்து, பையரும் ஒப்புதல் கொடுத்த பின், மேலாளரே “சூப்பர் 👍 பையர் ஓகே சொல்லிட்டார்” என்று எழுதுகிறார். இளைஞர் “நன்றி சார் 🙂” என்று தட்டுகிறார். மூத்தவர் பழக்கத்தில் அதை “நன்றி சார்.” என்று திருத்துகிறார். இங்கே எமோஜி இருப்பதே சரி. அதில் மறைந்துள்ள தகவல் எதுவும் இல்லை, செய்தி வேறெங்கும் போகப்போவதில்லை, எமோஜியைத் தொடங்கியவர் மேலாளர், சொல்வதும் நல்ல செய்திக்கான நன்றி. அதை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தால், மகிழ்ச்சியாகப் பேசியவருக்கு முகத்தைச் சுருக்கிக்கொண்டு பதில் சொன்னதுபோல் ஆகிவிடும். திருத்துபவரிடம் கொடுக்கும்போதே “எமோஜியை நீக்காமல், சந்தேகம் இருந்தால் குறித்து மட்டும் கொடுங்கள்” என்று கேட்டுக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. மேலாளரின் மனநிலையை அறிந்தவர் செய்தியை அனுப்புபவர்தான். திருத்துபவர் அறிவது வாசகத்தை மட்டுமே.

நகைச்சுவைக்கு மட்டும் ஒரு தனி விதி உண்டு. “இந்த வாரம் சாயப்பட்டறையிலேயே குடியிருக்க வேண்டியதுதான் போலிருக்கிறது சார் 😄” என்பதில் எமோஜியை மட்டும் நீக்கினால் வாக்கியம் புகாராகிவிடுகிறது. ஸ்மைலி பிறந்ததே இந்த வேலைக்காகத்தான். 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிப் பலகையில் ஸ்காட் ஃபால்மன் :-) என்ற குறியை முன்மொழிந்தபோது, வேடிக்கையாகச் சொன்னதை உண்மை என்று யாரும் எடுத்துக்கொள்ளாதிருக்க ஓர் அடையாளம் வேண்டும் என்பதே நோக்கம். எனவே நகைச்சுவை வாக்கியமும் அதன் எமோஜியும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லது ஒன்றாகப் போக வேண்டும். புதியவர்கள் முதல் சில மாதங்களில் இரண்டையும் நீக்கிவிடுவதே பாதுகாப்பு என்று நான் கருதுகிறேன்.

வேலை நிலவரப் பட்டியலில் வரும் ✅, ❌ போன்ற குறிகள் முகங்கள் அல்ல. அவை பட்டியலின் பகுதி. எல்லா வரிகளிலும் ஒரே பொருளில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். 🔴, 🟢 என்று நிறத்தால் மட்டும் வேறுபடுத்தினால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பக்கத்தில் “முடிந்தது”, “நிலுவை” என்று எழுதிவிட வேண்டும்.

கடைசிப் பார்வை

வைப்பது என்று முடிவான எமோஜியையும் பிழை திருத்த வேண்டும். 😅, 😂, 🥲 ஆகிய மூன்றும் சிறிய திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிகின்றன. முதலாவதில் நெற்றி வியர்வை, இரண்டாவதில் விழுந்து விழுந்து சிரித்த கண்ணீர், மூன்றாவதில் வருத்தத்தை மறைக்கும் புன்னகை. செய்தியைப் பெரிதாக்கிப் பார்த்து, நினைத்தது அதுதானா என்று உறுதிசெய்யுங்கள். செய்தியின் இறுதியில் ஒன்று மட்டும் இருக்கட்டும். எண்ணுக்கும் தேதிக்கும் ஒட்டி வர வேண்டாம். வாக்கியம் முடிந்த அடையாளமாக எமோஜியை வைக்காமல், முற்றுப்புள்ளியோ கேள்விக்குறியோ இட்டபின் வையுங்கள். “நன்றி சார் 🙂” போன்ற இரு சொல் பதிலுக்கு மட்டும் புள்ளி தேவையில்லை.

அனுப்பிய பின்தான் கண்ணில் பட்டது என்றால், வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம். திருத்தப்பட்டது என்ற குறிப்பு செய்தியின் அடியில் தெரியும். முன்பு என்ன இருந்தது என்பது தெரியாது. மேலாளருக்குப் புதிய அறிவிப்பும் போகாது. அனுப்பிய செய்தியை அனைவருக்கும் நீக்குவதைவிட இது மேல், ஏனென்றால் நீக்கினால் ஒரு செய்தி நீக்கப்பட்டது என்ற வரி உரையாடலில் நின்று, என்ன அனுப்பினார் என்ற கேள்வியை எழுப்பும். அதற்குள் அவர் படித்துவிட்டிருந்தால், அலங்காரமான எமோஜியை அப்படியே விட்டுவிடுங்கள். பொருளை இரண்டுபடுத்தும் எமோஜி என்றால் மட்டும், அதைப் பற்றி எதுவும் பேசாமல், “டையிங் மாஸ்டர் வியாழன் மாலை என்று உறுதி சொன்னார் சார்” என்பதுபோல் விடுபட்ட தகவலை அடுத்த செய்தியாக அனுப்பினால் போதுமானது.